பச்சை ஏன் பிளாஸ்டிக் மாதிரி இருக்கிறது? (ஆனைமலை, வாட்டர்கலர், ஏ4)

கண்மாய்க்கரை | 7 டிசம்பர், காலை 9:40

நேற்று முடித்த படம். ஒத்தக்கடைக்கு அப்பால் ஒரு கண்மாய்க்கரையில் காலை ஏழு மணிக்குப் போனில் எடுத்த போட்டோவைப் பார்த்து வீட்டில் வரைந்தது. 300 ஜிஎஸ்எம் தாள், 12 டியூப் மாணவர் செட். பின்னால் ஆனைமலை, அதற்கு முன்னால் வயல், வயலில் இரண்டு பனை, வலது கீழ் மூலையில் ஒரு வரப்பு.

பச்சைதான் உதைக்கிறது. வயல் முழுக்க பிளாஸ்டிக் பாய் விரித்த மாதிரி இருக்கிறது. என்னிடம் இருப்பது சாப் கிரீன் மட்டும். வேறு எந்தப் பச்சை டியூப் வாங்கினால் வயல் வயலாகத் தெரியும்? வானத்தில் பூத்திருக்கும் காலிஃபிளவரைக் கண்டுகொள்ள வேண்டாம்.

சும்மா_ஒரு_கோடு | 7 டிசம்பர், காலை 10:15

ஹூக்கர்ஸ் கிரீன் வாங்குங்கள். சாப் கிரீனோடு கலந்தால் போதும், பிரச்சினை தீர்ந்தது.

ஈரத்தாள் | 7 டிசம்பர், மதியம் 1:05

எதையும் வாங்காதீர்கள். முதலில் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் படத்தைப் போனில் எடுத்து, எடிட்டில் போய் நிறத்தை முழுக்க இறக்கிக் கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள். நான் இங்கே செய்து பார்த்துவிட்டேன். மலை, வயல், பனை மூன்றும் ஒரே சாம்பல். வானம் மட்டும் கொஞ்சம் வெளுப்பு. நிறம் இருந்தபோது மலை ஊதா, வயல் பச்சை என்று கண் பிரித்துக்கொண்டது. நிறத்தை எடுத்ததும் மலை எங்கே முடிகிறது, வயல் எங்கே தொடங்குகிறது என்பதே தெரியவில்லை.

வயல் பாய் மாதிரி தெரிவதற்குக் காரணம் இதுதான். பச்சையின் ரகம் இரண்டாம் பட்சம். பக்கத்தில் அதைவிட வெளுப்பான ஒன்றும் இல்லை, அடர்த்தியான ஒன்றும் இல்லை. அப்படி இருந்தால் எந்தப் பச்சையும் தட்டையாகத்தான் கிடக்கும். ஹூக்கர்ஸ் கிரீன் வாங்கினால் கொஞ்சம் நீலம் தூக்கிய பாய் கிடைக்கும்.

இது ஏன் வந்தது என்பதும் படத்திலேயே தெரிகிறது. எல்லா இடத்துக்கும் ஒரே அளவு தண்ணீர் விட்டிருக்கிறீர்கள். எனக்கு இது சமையலறைக் கணக்கு: நீர்மோர், பால், தயிர். வானமும் வெயில் பட்ட பாறையும் நீர்மோர். வயல் பால். பனை, வரப்பு நிழல் எல்லாம் தயிர், அதாவது டியூபிலிருந்து வந்ததில் ஒரு சொட்டுத் தண்ணீர்தான். உங்கள் படம் முழுக்கப் பால்.

அப்புறம் காய்ந்தால் வாட்டர்கலர் வெளிறும். ஈரத்தில் சரியாக இருக்கிறது என்று நிறுத்திய பனை, காய்ந்ததும் நோஞ்சானாகிவிடும். அதே தாளில் ஒரு துண்டு வெட்டி வைத்துக்கொண்டு, அதில் தடவி, காயவிட்டுப் பார்த்த பிறகு படத்தில் கை வையுங்கள்.

ஈரத்தாள் | 7 டிசம்பர், மதியம் 1:20

காலிஃபிளவரைக் கண்டுகொள்ளத்தான் வேண்டும். வானம் பாதி காய்ந்திருக்கும்போது ஏதோ திருத்தப் போயிருக்கிறீர்கள், பிரஷ்ஷில் தாளைவிட அதிகத் தண்ணீர் இருந்திருக்கிறது. அந்தத் தண்ணீர் காயாத நிறமியை ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டு போய்ப் பூவாகக் கட்டிவிட்டது. தாளைக் கண் மட்டத்துக்குத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பளபளப்பு இருந்தால் தொடலாம். பளபளப்பு போய், தொட்டால் சில்லென்று இருக்கிற நிலைதான் ஆபத்து. அப்போது எழுந்து போய்க் காபி போடுங்கள்.

மலைப்பாதை | 7 டிசம்பர், மாலை 6:30

தூரத்து மலை எப்போதும் நீலம். அதுதான் அடிப்படை. ஆனைமலையை நான் பத்து தடவையாவது வரைந்திருப்பேன். முதல் வரிசை பச்சை, அடுத்தது நீலம், கடைசி வரிசை வானத்தோடு கரைய வேண்டும். நீங்கள் ஒரே வரிசைதான் போட்டிருக்கிறீர்கள், அதுவும் மொட்டையாக. மேகத்தையும் காணோம்.

கண்மாய்க்கரை | 7 டிசம்பர், மாலை 7:10

ஐயா, இது மதுரை ஆனைமலை. படுத்திருக்கிற யானை. ஒரே பாறை. மொட்டையாகத்தான் இருக்கும்.

மலைப்பாதை | 7 டிசம்பர், மாலை 7:25

ஓ. நான் பொள்ளாச்சி என்று நினைத்துவிட்டேன். இருந்தாலும் நீலம்.

ஈரத்தாள் | 8 டிசம்பர், காலை 6:50

பொள்ளாச்சிப் பக்கம் நின்று பார்த்தால் அவர் சொல்வது சரி. பல கிலோமீட்டர் தள்ளி, மலைக்குப் பின்னால் மலை, நடுவில் ஈரக்காற்று. நீலம் தன்னால் வரும். ஒத்தக்கடை மலை பக்கத்திலேயே நிற்கிறது. அந்தத் தூரத்துக்குக் காற்று பாறையை நீலமாக்காது. காலை ஏழு மணி வெயிலில் அந்தப் பாறை லேசான ரோஸ் கலந்த மணல் நிறத்தில் இருக்கும். நிழல் பக்கம் மட்டும் நீலச்சாம்பல். தூரம் செய்கிற முதல் வேலை நிறத்தை மாற்றுவது என்றே நான் நினைக்கவில்லை. வெளுப்புக்கும் கருப்புக்கும் நடுவிலுள்ள இடைவெளியைத்தான் முதலில் குறைக்கும். பனையில் இருக்கிற கருப்பு மலையில் எங்கேயும் இருக்காது. கோடையில் புழுதி பறக்கும்போது தூரம் நீலத்துக்குப் பதில் காவி ஏறுவதையும் நம் ஊர்க்காரர்கள் எல்லோரும் பார்த்திருப்போம்.

ஆக, மலைக்குச் செட்டில் இருக்கிற ஊதாவை விடுங்கள். வெயில் பக்கம் பர்ன்ட் சியன்னா நீர்மோர் மாதிரி. நிழல் பக்கம் அதே பர்ன்ட் சியன்னாவோடு அல்ட்ராமரீன், நீலம் ஒரு பங்கு தூக்கலாக. இந்த இரண்டும் எதிரெதிர் நிறங்கள் என்பதால் ஒன்றையொன்று அடக்கி நல்ல சாம்பலாகும். அல்ட்ராமரீன் தாளின் குழிகளில் மணல் மணலாகத் தங்கும், பாறைக்கு அது இலவச இணைப்பு.

வெள்ளைக்குப்பி | 8 டிசம்பர், காலை 11:00

நான் போஸ்டர் கலர்தான். வெள்ளையைச் சேர்த்தால் பச்சை மென்மையாகிவிடும். ஏன் இவ்வளவு கஷ்டம்?

ஈரத்தாள் | 8 டிசம்பர், காலை 11:40

போஸ்டர் கலருக்குச் சரி. இதில் வெளிச்சம் தாளிலிருந்து வருகிறது. வெள்ளை சேர்த்தால் ஜன்னலுக்குச் சுண்ணாம்பு அடித்த கதை.

தாள்_சுருங்கி | 8 டிசம்பர், மதியம் 2:15

இங்கேயே கேட்கிறேன், தனி இழை போட அலுப்பு. எனக்குத் தாள் அப்பளமாகப் பொரிகிறது. 200 ஜிஎஸ்எம். நாலு பக்கமும் மாஸ்கிங் டேப் ஒட்டியும் நடுவில் குளம் கட்டுகிறது. இதே காரணத்தால்தான் இவர் படத்திலும் வானம் கெட்டிருக்குமோ? இன்னொன்று, நேற்று பிரஷ்ஷை டீயில் முக்கிவிட்டேன். அதைக் கவனிக்காமல் குடித்தும் விட்டேன்.

ஈரத்தாள் | 8 டிசம்பர், மதியம் 3:00

டீயில் அல்ட்ராமரீன் என்றால் பெரிதாகப் பயமில்லை. காட்மியம், கோபால்ட் என்று பெயருள்ள டியூப்கள் என்றால் டம்ளரை வேறு மேஜையில் வையுங்கள்.

200 ஜிஎஸ்எம் இந்த வேலைக்கு ஆகாது. இவருடையது 300, அதனால் வானம் கெட்டது அதே காரணத்தால் இல்லை. ஆனால் இவருடையதும் மரக்கூழ்த் தாள். தண்ணீர் மேலேயே நிற்கும், திட்டுத் திட்டாகக் காயும். பருத்தித் தாள் தண்ணீரை உள்ளே வாங்கி ஒரே சீராகக் காயும். முன்பெல்லாம் 'முதலில் சாதாரணத் தாளில் பழகு' என்று சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது அது பாதி தப்பு என்று தோன்றுகிறது. ஸ்கெட்ச் பழக எந்தத் தாளும் ஆகும். ஈரத்தில் ஈரம் பழக மரக்கூழ்த் தாள் தப்பான பாடத்தைத்தான் சொல்லிக்கொடுக்கிறது. நான் இரண்டு வருடம் என் கையைத் திட்டிக்கொண்டிருந்தேன், குற்றவாளி தாள்.

சும்மா_ஒரு_கோடு | 8 டிசம்பர், இரவு 8:20

அவ்வளவு விலைத் தாளில் பழகினால் பயத்திலேயே கை நடுங்கும். மாட்டேன்.

ஈரத்தாள் | 9 டிசம்பர், காலை 7:15

அதுவும் நியாயம். ஒரு முழுத்தாளை எட்டாகக் கிழித்துக்கொண்டால் நடுக்கம் கொஞ்சம் குறையும்.

இப்போது படத்தின் அமைப்பு. கட்டைவிரலால் ஒவ்வொன்றாக மறைத்துப் பார்த்தேன்.

பெரிய பனை சரியாகத் தாளின் நடுவில் நிற்கிறது. அதைக்கூட விட்டுவிடலாம். அதன் தலை மலையின் மேல்கோட்டைச் சரியாகத் தொட்டுக்கொண்டு நிற்பதுதான் உறுத்தல். தொட்டுக்கொண்டு நின்றால் முன்னால் இருக்கும் பனையும் பின்னால் இருக்கும் மலையும் ஒட்டிவிடும். யானை பனைமட்டையைத் தொப்பி போட்ட மாதிரி இருக்கிறது. ஒன்று, பனையை நன்றாக மலைக்கு மேலே வானத்துக்குள் ஏற்றுங்கள். இல்லை, மலைக்கு உள்ளேயே அடக்குங்கள். நடுவிலே நிறுத்தாதீர்கள்.

இரண்டாவது வரப்பு. வலது கீழ் மூலையிலிருந்து கிளம்பி வலது ஓரத்தோடேயே போகிறது. படத்துக்குள் கூட்டிக்கொண்டு போக வேண்டிய வரப்பு ஆளை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுகிறது. அதை மூலையிலிருந்து நாலு விரல் உள்ளே தொடங்கி, இடது பக்கம் வளைத்து, பனையடியில் கொண்டு சேருங்கள்.

மூன்றாவது, மலை ஏன் இவ்வளவு குட்டி? நேரில் பார்த்தவர்கள் சொல்லுங்கள், அந்த மலை இப்படியா இருக்கும்? பாதி வானத்தை அடைத்துக்கொண்டு படுத்திருக்கும். இது உங்கள் தப்பு இல்லை, போன். போனின் சாதாரண லென்ஸ் அகலமாகப் பார்க்கும், தூரத்தில் இருப்பதைச் சுருக்கிவிடும், காலடியில் இருக்கும் புல்லைப் பெரிதாக்கிவிடும். நீங்கள் அதை அப்படியே நம்பிவிட்டீர்கள். அதே இடத்தில் நின்று 2x-இல் வைத்து எடுத்திருந்தால் மனதில் பதிந்த அளவுக்குப் பக்கமாக வந்திருக்கும். போட்டோவை வெட்டினாலும் ஏறக்குறைய அதேதான்.

கண்மாய்க்கரை | 9 டிசம்பர், காலை 8:05

யானைக்குத் தொப்பி என்று சொன்ன பிறகு எனக்கு வேறெதுவும் தெரிய மாட்டேன் என்கிறது. மலை சின்னதாகிவிட்டது என்று வரையும்போதே தோன்றியது, போட்டோவில் அப்படித்தானே இருக்கிறது என்று விட்டுவிட்டேன். சரி, பச்சை? எல்லோரும் பச்சையை மறந்துவிட்டீர்கள்.

ஈரத்தாள் | 9 டிசம்பர், இரவு 9:30

மறக்கவில்லை. உங்கள் செட்டில் லெமன் யெல்லோ, கம்போஜ், அல்ட்ராமரீன், பிரஷ்யன் ப்ளூ, பர்ன்ட் சியன்னா இருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன். இது போதும்.

லெமன் யெல்லோ கொஞ்சம் பச்சைப் பக்கம் சாய்ந்த மஞ்சள். பிரஷ்யன் ப்ளூவும் பச்சைப் பக்கம் சாய்ந்த நீலம். இரண்டும் சேர்ந்தால் கூச்சல் போடுகிற பச்சை. கம்போஜ் ஆரஞ்சுப் பக்கம், அல்ட்ராமரீன் ஊதாப் பக்கம். இரண்டுக்குள்ளும் ஒளிந்திருக்கும் சிவப்பு, பச்சையை அடக்கிவிடும், இலுப்பை இலை மாதிரி ஒரு அமைதியான பச்சை வரும். இந்த இரண்டுக்கும் நடுவில் எத்தனை பச்சை வேண்டுமானாலும் எடுக்கலாம்.

டிசம்பர் வயலில் பயிர் நிஜமாகவே கூச்சல் போடும், அதனால் வெயில் பட்ட இடத்துக்கு முதல் கலவைதான் சரி, மஞ்சள் தூக்கலாக. ஆனால் அது வயலின் ஒரு பட்டையில் மட்டும் இருக்கட்டும். மலையடி ஓரத்து மரங்கள் இரண்டாவது கலவை. முன்னால் வரப்புப் புல்லுக்கு இரண்டாவது கலவையோடு பர்ன்ட் சியன்னா, தயிர்ப் பதம். மூன்று பச்சையும் பக்கத்தில் நின்றால்தான் நடுப்பட்டையில் வெயில் அடிக்கும். உங்கள் சாப் கிரீனையும் தூக்கிப்போட வேண்டாம். எப்போதும் தனியாக விடாமல் பர்ன்ட் சியன்னாவைத் துணைக்கு அனுப்புங்கள்.

கலக்கும்போது பேலட்டில் ஒரேயடியாகக் குழைக்காதீர்கள். மஞ்சள் தனியாக, நீலம் தனியாக, நடுவில் சந்திக்கிற இடத்தில் பிரஷ்ஷைத் தொட்டு எடுங்கள். ஒவ்வொரு தொடுதலும் கொஞ்சம் வேறாக வரும். பாய் போகிற வழி அதுவும்தான்.

மலைப்பாதை | 10 டிசம்பர், காலை 9:00

ஒரு விஷயம் விட்டுவிட்டீர்கள். கருப்பைத் தொடவே கூடாது. எங்கள் வாத்தியார் கருப்பு டியூபைப் பிடுங்கி வைத்துக்கொள்வார்.

ஈரத்தாள் | 10 டிசம்பர், காலை 9:45

எனக்கும் ஒரு வாத்தியார் அப்படிப் பிடுங்கினார். நிழலுக்கெல்லாம் கருப்பைத் தடவுகிற பழக்கத்தை ஒழிக்க அது நல்ல வைத்தியம். ஆனால் லெமன் யெல்லோவில் துளி கருப்பு போட்டுப் பாருங்கள். அழகான ஆலிவ் பச்சை வரும், பனைமட்டைக்கு அளவெடுத்துத் தைத்தது மாதிரி. வாத்தியார் ஓய்வு பெற்ற பிறகுதான் இதைக் கண்டுபிடித்தேன்.

கண்மாய்க்கரை | 15 டிசம்பர், மாலை 5:20

இரண்டாவது முயற்சி போட்டிருக்கிறேன். மலை பெரிதாகிவிட்டது. பனை இடது பக்கம் போய் வானத்துக்குள் ஏறிவிட்டது. பச்சை எனக்கே பிடித்திருக்கிறது. ஆனால் மலை பேய் மாதிரி இருக்கிறது.

தாள்_சுருங்கி | 15 டிசம்பர், மாலை 6:00

பச்சை அருமை! பேய் எனக்குப் பிடித்திருக்கிறது.

ஈரத்தாள் | 15 டிசம்பர், இரவு 9:10

பேய்க்கு நான்தான் காரணம். 'நீர்மோர்' என்று சொன்னதை முழு மலைக்கும் எடுத்துக்கொண்டுவிட்டீர்கள், ஓரத்தையும் கரைத்துவிட்டீர்கள். அது கல். மேல்கோடு வானத்தை எதிர்த்துக் கத்தியால் வெட்டிய மாதிரி இருக்க வேண்டும். வானம் முழுக்கக் காய்ந்த பிறகுதான் மலையைத் தொட வேண்டும். இந்த மழைக்கால ஈரத்தில் அது காய அரை மணி நேரம்கூட ஆகலாம், புறங்கையை வைத்துப் பாருங்கள்.

கரைக்க வேண்டியது அடிவாரத்தை மட்டும். மலையை மேலிருந்து கீழே வண்ணமிட்டுக்கொண்டு வந்து, மரங்களுக்குக் கொஞ்சம் மேலே நிறுத்தி, கழுவிப் பிழிந்த பிரஷ்ஷால் அந்தக் கீழ் ஓரத்தை ஒரே ஒரு தடவை இழுத்துவிடுங்கள். போர்டு லேசாகச் சாய்ந்திருக்கட்டும். காலைப் பனி அங்கேதான் தங்கும், மலை அதற்கு மேலே எழுந்து நிற்கும். காய்ந்ததும் நிழல் பக்கத்துக்கு இரண்டாவது வாஷ், பால் பதம். பாறையில் மழைநீர் வழிந்த கருப்புக் கோடுகள் உண்டு இல்லையா, அதில் மூன்றோ நாலோ மட்டும். எல்லாவற்றையும் போட்டால் வரிக்குதிரை.

இந்தப் படத்தையே காப்பாற்றலாமா என்றால், பாறையை ஈரப் பிரஷ்ஷால் தேய்த்து எடுக்கலாம், அல்ட்ராமரீன் பெரும்பாலும் எழுந்து வரும். பிரஷ்யன் ப்ளூ போட்ட வயலில் அந்த வேலை வேண்டாம், அது தாளில் கறையாக ஒட்டிக்கொள்ளும். நான் ஒரு தடவை முழுப் படத்தையும் குழாயடியில் காட்டினேன். வானம் போய்விட்டது, கெடுத்த மரம் மட்டும் நின்றது.

சும்மா_ஒரு_கோடு | 16 டிசம்பர், காலை 10:30

எனக்கு ஒரு சந்தேகம். வயல் விளிம்பு தாளைச் சரிபாதியாக வெட்டுகிறது. அடிவானத்தை நடுவில் வைக்கக் கூடாது என்பார்களே, யாரும் சொல்லவில்லையே?

ஈரத்தாள் | 16 டிசம்பர், மதியம் 12:10

மலை பெரிதாகிவிட்டதால் கண் அந்தக் கோட்டில் நிற்கவில்லை என்று விட்டேன். கண்மாய்த் தண்ணீரில் மலை தலைகீழாகத் தெரிகிற படமென்றால் நடுவில் வைப்பதுதான் அழகு என்றுகூடச் சொல்வேன்.

சும்மா_ஒரு_கோடு | 16 டிசம்பர், மதியம் 12:30

இதில் தண்ணீரே இல்லையே. எனக்கு இடிக்கத்தான் செய்கிறது.

ஈரத்தாள் | 16 டிசம்பர், மதியம் 12:50

கீழே இரண்டு விரல் மறைத்துப் பார்த்தேன். ம்ம். கொஞ்சம் இடிக்கத்தான் செய்கிறது. ஆனால் வெட்டினால் வரப்பு போய்விடும். தெரியவில்லை.

கண்மாய்க்கரை | 16 டிசம்பர், இரவு 8:40

அடுத்து என்ன பழகுவது? மூன்றாவது தடவை இதையேவா, வேறு இடமா?

ஈரத்தாள் | 17 டிசம்பர், காலை 6:30

இந்த மலையை விடாதீர்கள், ஆனால் முழுப் படம் இரண்டு வாரத்துக்கு வேண்டாம். ஒரு போஸ்ட்கார்டை நாலாக மடித்த அளவு. ஒரே நிறம், பர்ன்ட் அம்பர் போதும். மூன்று படிகள்தான்: தொடாத தாள், பால், தயிர். ஒவ்வொன்றுக்கும் பத்து நிமிடம். கண்ணைப் பாதி மூடிப் பார்த்தால் எது எந்தப் படி என்று பிரிந்துவிடும். ஒரு நாள் மலை அடர்த்தி, வயல் வெளுப்பு. அடுத்த நாள் மலையைத் தாளாகவே விட்டுவிட்டு முன்னால் எல்லாம் தயிர். ஒரே இடம் எட்டு விதமாக வரும். அதில் எது உங்கள் காலை ஏழு மணி என்று நீங்கள்தான் எடுக்க வேண்டும். இதைச் செய்யாமல் நேராக ஏ4-க்குப் போனதால்தான் முதல் படம் முழுக்கப் பாலாகியது.

வாய்ப்பிருந்தால் காட்மன் என்ற ஆங்கில ஓவியர் 1805 வாக்கில் வரைந்த கிரெட்டா பாலத்தைத் தேடிப் பாருங்கள். பெரிய பெரிய தட்டையான வாஷ், கொஞ்சமே படிகள், எங்கேயும் குழப்பம் இல்லை. அதையே போஸ்ட்கார்டு அளவில் ஒரு தடவை பர்ன்ட் அம்பரில் பிரதி எடுத்தால் என்ன சொல்கிறேன் என்று கைக்குப் புரியும்.

பச்சைக் கட்டம் வேண்டுமானால் ஞாயிற்றுக்கிழமை. இரண்டு மஞ்சள், இரண்டு நீலம், நாலு வரிசை, ஒவ்வொன்றிலும் ஐந்து படி. பக்கத்தில் கலவையை எழுதி வையுங்கள். நான் எழுதாமல் விட்டதால் என்னிடம் பெயர் தெரியாத அழகான பச்சைகள் இருபது இருக்கின்றன.

வெள்ளைக்குப்பி | 17 டிசம்பர், காலை 10:00

பத்து நிமிடத்தில் என்ன வரும்?

கண்மாய்க்கரை | 27 டிசம்பர், காலை 8:15

பதினான்கு குட்டிப் படங்கள். ஒன்பதில் பனையே இல்லை, பனை இல்லாமலே படம் நிற்கிறது என்று ஆறாவதில்தான் தெரிந்தது. பதினொன்றாவதுதான் என் காலை ஏழு மணி என்று நினைக்கிறேன்: வயல் தாளாகவே விட்டது, மலை பால், அடியில் மர வரிசை மட்டும் தயிர். ஸ்கேன் செய்யத் தெரியவில்லை, தரையில் பரப்பி எடுத்த போட்டோ. ஓரத்தில் தெரிவது பூனையின் வால்.

ஈரத்தாள் | 27 டிசம்பர், காலை 9:00

பதினொன்று இல்லை, நாலு. வரப்பு உள்ளே வருகிறது பாருங்கள். மலைப்பாதை என்ன சொல்கிறார்?

மலைப்பாதை | 27 டிசம்பர், காலை 9:40

பதினொன்று. மலை நீலமாக இருந்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.